கன்னத்தில் நடும் முடி

தாடி திட்டுத்திட்டாக வளர்கிறது என்று வருபவரிடம் அனுபவமுள்ள தோல் மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான்: "அந்த இடத்தில் முன்பு முடி இருந்ததா?" முடி நடவு அவருக்கு ஒத்துவருமா என்பது பாதி அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

இருந்த முடி திடீரென்று உதிர்ந்து, நாணய அளவில் வழவழப்பான வட்டம் விழுந்திருந்தால் அது பெரும்பாலும் புழுவெட்டு. பெயரில்தான் புழு இருக்கிறது. உண்மையில் உடலின் எதிர்ப்பாற்றலே முடிவேரைத் தாக்குகிறது. அங்கே புதிதாக நட்டால் நட்ட வேரையும் அது தாக்கும். பலருக்கு இது தானாகவோ, அந்த இடத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசியாலோ சரியாகிறது. நோய் அடங்கி ஓரிரு ஆண்டுகள் ஆகாமல் நடவைப் பற்றிப் பேசவே கூடாது.

முடி எப்போதுமே முளைக்காத கன்னம் வேறு கதை. அது பரம்பரை. நடவு பொருந்துவது இவர்களுக்குத்தான், ஆனால் வயது முக்கியம். தாடி இருபதுகளின் கடைசி வரை அடர்ந்துகொண்டே போகும். இருபது வயதில் வெறுமையாகத் தெரியும் கன்னம் இருபத்தைந்தில் தானே நிரம்பியிருக்கலாம். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நடுவதற்கான வேர்களைப் பிடரியிலிருந்து எடுக்கிறார்கள்; எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் சொட்டை என்றால், நாளை தலைக்குத் தேவைப்படக்கூடிய கையிருப்பை இன்று கன்னத்துக்குச் செலவழிக்கிறோம். காயம் ஆறும்போது தழும்பு புடைத்து வளரும் உடல்வாகு உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

28 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மீசையும் முகவாயும் நன்றாக இருக்கின்றன. இரண்டு கன்னத்திலும் 4 செ.மீ.க்கு 3 செ.மீ. அளவில் வெறுமை, அதாவது பக்கத்துக்கு 12 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 30 வேர்த்தொகுப்பு நட்டால் பக்கத்துக்கு 360, மொத்தம் 720. இந்தத் தொகுப்பைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள். ஒன்றில் ஒன்று முதல் மூன்று முடி வரை இருக்கும். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வாயுள்ள கருவியால் பிடரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கன்னத்தில் நுண்ணிய துளையிட்டுச் செருகுவார்கள். ஏறக்குறைய ஒரு நாள் வேலை.

இயல்பாகத் தெரிவதும் தெரியாததும் அந்தத் துளையில்தான் இருக்கிறது. கன்னத்து முடி தோலோடு படிந்தாற்போல், கீழ்நோக்கிச் சாய்ந்து வளரும். துளை நிமிர்ந்திருந்தால் முடி குத்திட்டு நிற்கும். எவ்வளவு அடர்த்தியாக நட்டாலும் தூரிகைபோலத் தெரியும். தாடியின் மேல்விளிம்பில் ஒற்றை முடி கிராஃப்டுகளை மட்டும், கோடு போட்டாற்போல் இல்லாமல் சற்று ஒழுங்கற்று நட வேண்டும். அங்கே மூன்று முடி உள்ளதை நட்டால் பொம்மைத் தலையின் குச்சம்போல் இருக்கும். ஒரே இடத்தில் நெருக்கித் திணித்தாலும் ரத்த ஓட்டம் போதாமல் வேர்கள் பட்டுப்போகும். அதனால் இயற்கையாகவே அடர்ந்த தாடிக்கு இணையான அடர்த்தியை ஒரே அமர்வில் எதிர்பார்க்க வேண்டாம். தலைமுடி தாடிமுடியைவிட மெல்லியது என்பதால், மிக அருகில் பார்த்தால் நட்ட இடம் கொஞ்சம் மென்மையாகத் தெரியும். நம்முடைய பழுப்புத் தோலும் கறுப்பு முடியும் இதில் சாதகம்: இரண்டுக்கும் நிற வேறுபாடு குறைவு, இடைவெளி கண்ணை உறுத்தாது. தாடியைச் சில மில்லிமீட்டர் வளரவிட்டால் எதிரே பேசுபவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒட்ட வெட்டினால்தான் அடர்த்திக் குறைவு வெளிப்படும்.

செலவைப் பெரும்பாலும் கிராஃப்ட் கணக்கில் சொல்வார்கள். ஒன்றுக்கு 50 ரூபாய் என்றால் நம் இளைஞருக்கு 36,000. 100 ரூபாய் என்றால் 72,000. அழகுக்காகச் செய்வதற்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு, ஆக ஏறக்குறைய 42,500 முதல் 85,000 வரை. மருத்துவக் காப்பீடு பொதுவாக இதற்குப் பணம் தராது. விலையைவிட, துளையிடப்போவது யார் என்று கேளுங்கள். முடி நடவு செய்பவருக்கு முறையான அறுவைப் பயிற்சி வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் எழுதியே வைத்திருக்கிறது. அப்படியும் மருத்துவர் பெயரைப் பலகையில் வைத்துவிட்டு, வேலை முழுவதையும் உதவியாளர்களிடம் விடும் இடங்கள் உண்டு.

நட்ட ஒரு வாரத்தில் பொருக்கு உதிரும். அடுத்த சில வாரங்களில் நட்ட முடியும் கொட்டிவிடும். பயப்பட வேண்டாம், வேர் உள்ளே இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் மறுபடி முளைக்கும். அப்போது சில முடிகள் தோலுக்குள்ளேயே சுருண்டு பருவாகலாம். கிள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அடர்த்தியை மதிப்பிட ஓராண்டு பொறுக்க வேண்டும். இடைவெளி மிஞ்சியிருந்தால், இன்னும் சில கிராஃப்டுகளை நட்டு நிரப்புவதைப் பற்றி அப்போது முடிவெடுக்கலாம்.