டிராயரில் கிடந்த சிம்மில் காசு எங்கே போனது?

வீட்டில் இரண்டாவது சிம் ஒன்று இருக்கும். என்றோ நூறு ரூபாய்க்கு டாப்-அப் செய்திருப்போம். சில மாதம் கழித்துப் பார்த்தால் 3 ரூபாய் 75 காசுதான் மிச்சம். கம்பெனி காசைத் தின்றுவிட்டது என்பதே முதலில் வாயில் வரும். தின்றதா இல்லையா என்பதை ரசீதையும் பயன்பாட்டு விவரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் ரசீது. 100 ரூபாய் கட்டினால் 100 ரூபாய் பேலன்ஸ் ஏறாது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 3 ரூபாய் கட்டணமும் போக, 81.75 ரூபாய்தான் ஏறும். கணக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி ஆப்பில் பயன்பாட்டு விவரத்தைத் திறப்போம். ஜனவரி 9 அன்று 29 ரூபாய் கழிந்திருக்கிறது. அது நாமே போட்ட 28 நாள் டேட்டா பேக், மிச்சம் 52.75. பிப்ரவரி 6 அன்று மறுபடி அதே 29 ரூபாய், மிச்சம் 23.75. மே 7 அன்று 20 ரூபாய்; மிச்சம் 3.75. கணக்கு காசு பிசகாமல் நிற்கிறது. ஆனால் மூன்று கழிவும் ஒரே ரகம் அல்ல.

இரண்டாவதைக் கவனியுங்கள். பேக் போட்ட நாளையே முதல் நாளாக எண்ணினால் 28-வது நாள் பிப்ரவரி 5. மறுநாளே அதே தொகை கழிந்திருக்கிறது என்றால் அது தானியங்கிப் புதுப்பிப்பு என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். பயன்படுத்தியதற்கான கட்டணம் இப்படிக் கச்சிதமான இடைவெளியில், மாறாத தொகையில் வராது. பேக் போடும்போது புதுப்பிப்புக்கு நாமே 'ஓகே' அழுத்தியிருக்கலாம். அந்த நாள் வந்த எஸ்.எம்.எஸ்.ஸில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சண்டை போட வேண்டிய இடம் இதுதான்.

பலரும் கோபப்படுவது கடைசி 20 ரூபாய்க்கு. அதில் நியாயமில்லை. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை முடக்கலாம். பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் எண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பது டிராய் விதி. பிப்ரவரி 5-க்குப் பிறகு 90-வது நாள் மே 6. கழிந்தது மறுநாள். மிச்சமிருக்கும் 3.75 ரூபாய் அடுத்த முறை எண்ணைக் காப்பாற்றப் போதாது என்பதுதான் உண்மையான கவலை.

வங்கிக் கணக்கிலிருந்து போகும் யு.பி.ஐ. ஆட்டோபே வேறு சங்கதி. மொபைல் கம்பெனியிடம் பேக்கை நிறுத்தினால் அது நிற்காது, யு.பி.ஐ. ஆப்பில்தான் ரத்து செய்ய வேண்டும்.

ஆப்பில் பழைய விவரம் இல்லையென்றால், கடந்த 6 மாதத்துக்கான விவரத்தை எழுதிக் கேளுங்கள். 50 ரூபாய்க்கு மேல் வாங்காமல் 30 நாளுக்குள் தந்தாக வேண்டும். பிறகு வாடிக்கையாளர் சேவையில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண்தான் வேண்டும்.