200 பரிசுப் பெட்டி: கொட்டேஷனில் என்ன எழுத வேண்டும்?

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, சிறு பலகாரக் கடை ஒன்றுக்கு ஒரு நிறுவனத்திலிருந்து மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஊழியர்களுக்கு 200 பரிசுப் பெட்டி தேவை. இனிப்பு, காரம், முந்திரி, பாதாம், கூடவே ஒரு பவர் பேங்க். பெட்டிக்கு 1,000 ரூபாய்க்குள் கொட்டேஷன் அனுப்பவும்."

கடைக்காரர் கணக்குப் போடுகிறார். பலகாரமும் பருப்பும் பேக்கிங் கூலியோடு 500 ரூபாய், பவர் பேங்க் 400 ரூபாய். "பெட்டி 900 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி" என்று ஒரே வரியில் பதில் போடத் தோன்றும். இந்த ஒரு வரியிலேயே ஆர்டர் கைநழுவிப் போகலாம்.

காரணம் வரிவிதி. 2025 செப்டம்பர் 22 முதல் இனிப்பு, காரம், முந்திரி, பாதாம் எல்லாவற்றுக்கும் 5 சதவீதம்தான் ஜி.எஸ்.டி. பவர் பேங்குக்கு 18 சதவீதம். ஒன்றோடொன்று இயல்பாகச் சேராத பொருள்களை ஒரே பெட்டியில் வைத்து ஒரே விலை சொன்னால், அதிக வரியுள்ள பொருள் எதுவோ அதன் விகிதம் முழுப் பெட்டிக்கும் வந்துவிடும். 900 ரூபாய்க்கு 18 சதவீதம் என்றால் வரி 162. மொத்தம் 1,062 ரூபாய். நிறுவனம் சொன்ன வரம்பைத் தாண்டிவிட்டது.

அதையே தனித்தனியாக விற்றால் பலகாரம் 500க்கு வரி 25, பவர் பேங்க் 400க்கு வரி 72. மொத்தம் 997 ரூபாய். பெட்டிக்கு 65 ரூபாய் வீதம் 200 பெட்டிக்கு 13,000 ரூபாய் குறைகிறது. நிறுவனத்துக்கு இது பெரிய விஷயம். மற்ற கொள்முதலுக்குக் கட்டிய வரியை அவர்கள் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். பரிசாகக் கொடுக்கும் பொருளுக்குச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. வரியும் அவர்கள் கைக்காசுதான்.

ஆனால் பில்லில் இரண்டு வரியாக எழுதினால் மட்டும் போதாது. உண்மையிலேயே தனி விற்பனையாக இருக்க வேண்டும். பவர் பேங்க் வேண்டாம் என்றால் பலகாரப் பெட்டியை அதே 500 ரூபாய்க்குக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். பவர் பேங்கை அதன் சொந்த அட்டையிலேயே தனியாகக் கொடுப்பது நல்லது. ஒரே செட்டாக விற்றுவிட்டுக் குறைந்த வரி போட்டால், பாக்கி வரியை வட்டியோடு கட்டச் சொல்லி விற்றவருக்குத்தான் நோட்டீஸ் வரும். அனுப்புமுன் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும்.

அப்படியானால் பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். தாங்கள் கேட்டதற்கான விலை: 1. பலகாரப் பெட்டி (நெய் மைசூர்பாகு 250 கிராம், மிக்சர் 250 கிராம், முந்திரி, பாதாம் தலா 50 கிராம்) ரூ.500 + 5% வரி = ரூ.525. 2. பவர் பேங்க் ரூ.400 + 18% வரி = ரூ.472. எது வேண்டுமோ அதைத் தனியாகவும் வாங்கலாம். தங்கள் அலுவலகத்தில் ஒரே இடத்தில் இறக்கித் தருவது விலையில் அடங்கும். ஊழியர் வீடுகளுக்கு கூரியர் செலவு தனி. இந்த விலை 7 நாள் செல்லும். ஆர்டருடன் 50% முன்பணம். மீதி, சரக்கு பெற்ற 30 நாளுக்குள். எண்ணிக்கையை டெலிவரிக்கு 10 நாள் முன்பு உறுதி செய்யவும்."

இதில் 7 நாள் கெடுவுக்குக் காரணம் உண்டு. பண்டிகை நெருங்க நெருங்க நெய்யும் முந்திரியும் விலை ஏறலாம். மூன்று வாரம் கழித்து ஆர்டர் வந்தால் பழைய விலை கட்டுப்படியாகாது. எண்ணிக்கைக்கும் கெடு வேண்டும். கடைசி நேரத்தில் "இன்னும் 15 பெட்டி" என்று கேட்டால், அடுப்பில் இடம் இருந்தாலும் அச்சடித்த பெட்டி கையில் இருக்காது. பால் இனிப்பைப் பட்டியலில் சேர்க்காததும் யோசித்துத்தான். அலுவலகத்தில் பெட்டிகள் இரண்டு மூன்று நாள் கிடந்து, பிறகுதான் ஆளுக்கொன்றாகப் போகும். பால்கோவா அதற்குள் கெட்டுப்போகலாம்; நெய் மைசூர்பாகு தாங்கும்.

பணம் விஷயத்தில் சிறு உற்பத்தியாளருக்குச் சட்டம் துணை நிற்கிறது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கும் நிறுவனம், எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடுவுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் நிறுவனம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். அதனால் உத்யம் எண்ணைக் கொட்டேஷனின் அடியிலேயே போட்டுவிட வேண்டும். கணக்குப் பிரிவு அதைப் பார்த்துத்தான் எந்த பில்லை முதலில் தீர்ப்பது என்று முடிவு செய்யும். தானே செய்த பலகாரத்துக்கே இந்தப் பாதுகாப்பைக் கேட்கலாம். வாங்கி விற்கும் பவர் பேங்குக்கு இதை நம்ப முடியாது. ஆகவே முன்பணம் குறைந்தது பவர் பேங்கின் கொள்முதல் விலையையாவது ஈடுகட்டும்படி கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.