ஐதரசனின் இடத்தில் தூத்தேரியம்: பிணைப்பின் அதிர்வும் பூச்சியநிலைச் சக்தியும்

காபனுக்கும் ஐதரசனுக்கும் இடையிலான பிணைப்பில் ஐதரசனை அகற்றி அதன் பாரமான சமதானியாகிய தூத்தேரியத்தை வைத்தால் அப்பிணைப்பு உடைவது கடினமாகின்றது. இதனைக் கொண்டு, தூத்தேரியப் பிணைப்பு ஐதரசன் பிணைப்பிலும் பார்க்க வலிய பிணைப்பு என்று பலர் கூறுவர். இக்கூற்று முடிவளவில் சரியே. ஆயினும், அது மனத்தில் எழுப்பும் சித்திரம் பிழையானது. இரு அணுக்களையும் இறுக்கிப் பிடிக்கும் விசையில் எவ்வித மாற்றமும் நிகழவில்லை. மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்பதை ஐதரசன் குளோரைட்டு என்னும் எளிய மூலக்கூறைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

1931ஆம் ஆண்டின் இறுதியில் யூரேயும் அவருடன் பணியாற்றியோரும் கண்டறிந்த தூத்தேரியத்தின் கருவில் ஒரு புரோத்தனும் ஒரு நியூத்திரனும் உள. நியூத்திரனுக்கு ஏற்றமில்லை. எனவே கருவைச் சூழும் இலத்திரன்களின் பரம்பல் ஏறத்தாழ முன்போலவே இருக்கும். பிணைப்பை ஒரு சுருளிவில்லாகக் கருதினால், அவ்வில்லின் விறைப்பைக் குறிக்கும் விசை மாறிலி k இலத்திரன்களாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. ஆகவே ஐதரசனுக்கும் தூத்தேரியத்துக்கும் வில் ஒன்றே. வில்லில் தொங்கும் திணிவு மட்டுமே வேறு.

அவ்வில் நீண்டு சுருங்கும் மீடிறனைப் பின்வருமாறு எழுதலாம்:

ν = (1/2π)√(k/μ), μ = m₁m₂/(m₁ + m₂)

இங்கு μ என்பது இரு அணுக்களும் சேர்ந்து அதிரும்போது கணிப்பில் கொள்ளவேண்டிய ஒடுங்கிய திணிவு. திணிவு 35 உடைய குளோரீனைக் கொண்ட HCl இற்கு அதன் பெறுமானம் 0.980 அணுத்திணிவு அலகு. DCl இற்கு 1.904. இவற்றின் விகிதம் 1.944, அதன் வர்க்கமூலம் 1.394. குளோரீன் சிறிதும் அசையாத பெருந்திணிவாக இருந்திருப்பின் இவ்வெண் ஏறத்தாழ √2, அதாவது 1.414 ஆக இருந்திருக்கும். இலேசான அணு மாறுவதே விளைவைப் பெரிதாக்குகின்றது என்பதை மற்றொரு ஒப்பீட்டாலும் காணலாம். ஐதரசனை மாற்றாது குளோரீன் 35ஐக் குளோரீன் 37 ஆக்கினால் மீடிறன் ஏறத்தாழ 2 ச.மீ.⁻¹ மட்டுமே குறைகின்றது.

செந்நிறக்கீழ்க் கதிர்களை HCl வாயு உறிஞ்சும்போது அதன் நீட்சி அதிர்வு 2886 ச.மீ.⁻¹ என்னும் அலையெண்ணில் காணப்படுகின்றது. இதனை 1.394 ஆல் வகுத்தால் DCl இற்கு 2070 கிடைக்கவேண்டும். ஆனால் பரிசோதனையில் கிடைப்பது 2091. இருபத்தொரு அலகு வேறுபாடு அளவீட்டு வழுவன்று. அவ்வாறாயின் வில் ஒன்றே என்ற எமது கருதுகோள் தவறானதா?

தவறு வேறிடத்தில் உள்ளது. உண்மையான பிணைப்பு இலட்சிய வில்லைப் போன்றதன்று. மிகுதியாக நீட்டும்போது அது தளர்ந்து, ஈற்றில் அறுந்துவிடும். இத்தளர்ச்சியால், நாம் அவதானிக்கும் மீடிறன் மிகச்சிறு அதிர்வுக்குரிய இலட்சிய மீடிறனிலும் குறைவாக உள்ளது. நிறமாலையின் உயர்மட்டத் தாவல்களையும் அளந்து இத்திருத்தத்தைக் கணித்தால் HCl இற்கு இலட்சியப் பெறுமானம் 2991 என்றும் DCl இற்கு 2145 என்றும் பெறப்படும். முதலாவதை இரண்டாவதால் வகுக்க 1.394 வருகின்றது. கருதுகோள் காப்பாற்றப்பட்டதுமன்றி, வேறுபாட்டின் காரணமும் தெளிவாகின்றது. பாரங்குறைந்த ஐதரசன் அகலமாக அதிர்ந்து வில்லின் தளர்ந்த பகுதியைக் கூடுதலாகத் தொடுகின்றது. அதனால் 105 அலகுகளை இழக்கின்றது. தூத்தேரியம் இழப்பது 54 மட்டுமே.

இனிச் சக்தியை நோக்குவோம். பழைய பொறிமுறையின்படி வெப்பநிலையைத் தனிப்பூச்சியம் வரை தாழ்த்தினால் வில் ஓய்ந்துவிடவேண்டும். சொட்டுக் கொள்கை இதனை அனுமதிப்பதில்லை. அணு குறித்த ஓரிடத்தில் அசைவின்றி நின்றால் அதன் இடமும் உந்தமும் ஒருங்கே திட்டமாகத் தெரிந்துவிடும். அது ஐசன்பேக்கின் நிச்சயமின்மைக் கோட்பாட்டுக்கு முரணானது. ஆகவே மிகத் தாழ்ந்த நிலையிலும் பிணைப்பிடம் ½hν அளவு சக்தி எஞ்சியிருக்கும். இதுவே பூச்சியநிலைச் சக்தி.

மீடிறன் குறையும்போது இச்சக்தியும் குறையும். தளர்ச்சிக்கான திருத்தத்தையும் சேர்த்துக் கணித்தால் HCl இற்கு அது ஏறத்தாழ 1482 ச.மீ.⁻¹, DCl இற்கு 1066. வேறுபாடு ஏறத்தாழ 416, அதாவது மூலுக்கு 5 கிலோயூல். சக்திக் கிணறு ஒன்றே. அதன் அடித்தளமும் விளிம்பும் இரண்டுக்கும் பொதுவானவை. தூத்தேரியம் கிணற்றின் அடிக்குச் சற்று அண்மையில் நிற்பதால் விளிம்பை அடைய அது கூடுதலாக ஏறவேண்டியுள்ளது. HCl ஐப் பிளக்க மூலுக்கு ஏறத்தாழ 428 கிலோயூலும் DCl ஐப் பிளக்க 433 கிலோயூலும் தேவைப்படுவது இதனாலேயே.

நூற்றுக்கு ஒன்று என்ற இச்சிறு வேறுபாடு தாக்க வீதத்தில் பெரிதாக வெளிப்படுகின்றது. அறை வெப்பநிலையில் வெப்பத்தால் உயர் அதிர்வு மட்டத்தை அடையும் HCl மூலக்கூறுகள் பத்து இலட்சத்துக்கு ஒன்றிலும் குறைவு. ஏறக்குறைய எல்லா மூலக்கூறுகளும் பூச்சியநிலையிலிருந்தே தாக்கத்தைத் தொடங்குகின்றன. காபன்-ஐதரசன் பிணைப்பின் நீட்சி 2900 எனவும் காபன்-தூத்தேரியப் பிணைப்பினது 2100 எனவும் கொள்வோம். பூச்சியநிலைகளின் வேறுபாடு இதன் பாதி, 400 ச.மீ.⁻¹, மூலுக்கு 4.8 கிலோயூல். தாக்கத்தின் உச்சியில் இவ்வதிர்வு முற்றாக மறைந்துவிடுமாயின், ஏவற்சக்தியில் இம்முழு வேறுபாடும் தோன்றும். 25 பாகை செல்சியசில் RT இன் பெறுமானம் 2.48 கிலோயூல். எனவே வீதங்களின் விகிதம் e இன் 1.93ஆம் வலு, அதாவது ஏறத்தாழ 7.

1949இல் வெஸ்ற்கைமரும் நிக்கொலைடிசும் ஐசோபுரோப்பைல் அற்ககோலைக் குரோமிக் அமிலத்தால் ஒட்சியேற்றியபோது, நடுக்காபனில் தூத்தேரியம் உள்ள அற்ககோல் ஆறு மடங்களவு மெதுவாகத் தாக்கமுற்றது. வீதத்தைத் தீர்மானிக்கும் படியிலேயே அப்பிணைப்பு உடைகின்றது என்பதற்கு இது சான்றாயிற்று. மாறாக, பென்சீனின் சாதாரண நைத்திரேற்றத்தில் தூத்தேரியம் வைத்தும் வீதம் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை. அங்கும் பிணைப்பு உடைகின்றது. ஆனால் மெதுவான படி கடந்த பின்னரே.

இவ்வெண்ணை வாசிக்கும்போது அவதானம் தேவை. தாக்கத்தின் உச்சியில் ஐதரசன் இருபுறமும் பகுதியாகப் பிணைந்திருப்பின் பூச்சியநிலைச் சக்தியின் ஒரு பங்கு அங்கும் எஞ்சும். விகிதம் இரண்டு அல்லது மூன்றாகச் சுருங்கலாம். ஆகவே சிறிய விகிதம் பிணைப்பு உடையவில்லை என்பதற்கு நிரூபணமாகாது. விகிதம் ஏழைப் பெரிதும் விஞ்சினாலோ, இலேசான ஐதரசன் சக்தித் தடையின் உச்சிக்கு ஏறாமல் அதனை ஊடுருவிச் செல்கின்றதா என ஐயுறவேண்டும். வெப்பநிலையை மாற்றி மீண்டும் அளப்பதே அந்த ஐயத்தை ஆராயும் வழி.

2017இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற தியூத்தெற்றாபெனசீன் என்னும் மருந்து இதே கணிப்பின் வழிவந்தது. அண்டிங்ரன் நோயாளரின் தன்னிச்சையற்ற அசைவுகளைத் தணிக்கும் பழைய மருந்தொன்றில், உடலின் நொதியங்கள் தாக்கும் மெதொட்சிக் கூட்டங்களின் ஐதரசன்கள் தூத்தேரியமாக்கப்பட்டன. மருந்தின் வடிவமும் அது பிணையும் இலக்கும் மாறவில்லை. அது சிதையும் வேகம் குறைந்தது. அதனால் நோயாளருக்குக் குறைந்த அளவில், குறைந்த தடவைகளில் கொடுத்தல் சாத்தியமாயிற்று. வில்லை மாற்றாது திணிவை மட்டும் மாற்றியதன் பயன் அது.