வாழ்த்து மடலைத் திருத்தும் முறை

வாழ்த்து மடல் எழுதுவது அஞ்சலட்டைக் காலத்தில் ஓர் அலுவல். இன்று மின்னஞ்சலில் அது இரண்டு நிமிட வேலை. வேகம் கூடியதால் ஒரு சங்கடமும் கூடியிருக்கிறது. ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் தட்டச்சு செய்கிறோம். சொற்கள் தமிழாக இருக்கின்றன. பேச்சு தமிழாக இல்லை. படிப்பவருக்குச் சிரிப்பு வந்தால் பரவாயில்லை. மனம் புண்பட்டால்? வாழ்த்தப் போய் வருத்தம் தேடிக்கொண்ட கதையாகிவிடும்.

மாணவியரே, உங்களில் பலர் நாளை அலுவலகங்களில் பணிபுரியப் போகிறவர்கள். உங்கள் தாய்மார்களில் பலர் இன்றே பணிபுரிகிறவர்கள். ஆகவே ஒரு மடலை எடுத்துக்கொண்டு, அதைத் திருத்துவது எவ்வாறு என்று பார்ப்போம். நம் திருவேங்கடத்தில் ஓர் அரசு அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உதவியாளராக இருந்த அம்மையார் ஒருவர் கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு பெற்றுத் தென்காசிக்கு மாற்றலாகிச் செல்கிறார். அவருக்கு அங்குள்ள இளநிலை உதவியாளரான ஓர் இளம்பெண் மின்னஞ்சல் எழுதுகிறாள். அனுப்புமுன் தன் தோழியிடம் காட்டித் திருத்தச் சொல்கிறாள். மடல் இது:

“பொருள்: பதவி உயர்வு பெற்றது – வாழ்த்து தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேடம்,

தாங்கள் மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு பெற்றதன் மீது தங்களை மனமார வாழ்த்துகிறேன். இது உங்களுக்கு வேண்டியதுதான். உங்கள் தொப்பியில் இன்னொரு இறகு சேர்ந்திருக்கிறது. நான் புதிதாக வந்தபோது தன்பதிவேடு எழுதக்கூடத் தெரியாமல் முழித்தேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. உங்கள் காலணிகளை நிரப்ப இங்கே யாராலும் முடியாது. நாங்கள் உங்களை மிகவும் தவறவிடுவோம். நாங்கள் இங்கே கரிசலில் வெயில் காய, நீங்கள் தென்காசியில் சாரலில் நனையப் போகிறீர்கள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது அக்கா.

தங்கள் உண்மையுள்ள,”

திருத்துகிறவர் முதலில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு முறை முழுவதையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிக்கும்போது நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு புள்ளி வைத்தால் போதும். பேருந்து நிலையத்தில் அந்த அக்காவை நேரில் பார்த்தால் இப்படிச் சொல்வோமா என்று கேட்டுப் பார்த்தாலே பாதிப் பிழைகள் தாமாக வெளிவந்துவிடும்.

அடுத்து, பதவியின் பெயர். இதைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இதுவே. அவர் ஆகியிருப்பது கண்காணிப்பாளர். மடலில் இருப்பது மேற்பார்வையாளர். பேச்சில் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் நம் மாநில அலுவலகங்களில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு தமிழ்ப் பெயர் வழங்கி வருகிறது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஒருவர் அடைந்த பதவியை வேறு பெயரால் அழைத்தால், ‘இந்தப் பெண்ணுக்கு நான் என்ன ஆனேன் என்பதே தெரியவில்லையே’ என்றுதான் தோன்றும். பதவி உயர்வு ஆணையில் உள்ள சொல்லையே பார்த்து எழுதுவது நல்லது.

இனி வழக்குப் பிழைகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் ஆபத்தானது பார்வைக்குச் சாதுவாக இருக்கிறது: “இது உங்களுக்கு வேண்டியதுதான்.” ‘நீங்கள் இதற்குத் தகுதியானவர்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழாக்க நினைத்திருக்கிறாள். ஆனால் தமிழில் ‘உனக்கு வேண்டியதுதான்’, ‘உனக்கு நல்லா வேணும்’ என்று எப்போது சொல்கிறோம்? சொன்ன பேச்சைக் கேளாமல் மழையில் ஆடிவிட்டுத் தம்பி காய்ச்சலில் படுத்தால் சொல்கிறோம்! இலக்கணப்படி இந்த வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. அதனால்தான் பிழை தேடும் கண்ணுக்கு இது தப்பிவிடுகிறது, காதுக்குத்தான் அகப்படும். ‘இத்தனை வருட உழைப்புக்கு ஏற்ற பலன்’ என்றால் அவள் நினைத்தது அப்படியே வந்துவிடும்.

காலணியும் அப்படித்தான். ஒருவர் விட்டுச்சென்ற பொறுப்பை மற்றவர் ஏற்பதை, அவருடைய காலணிகளை நிரப்புவதாக ஆங்கிலத்தில் சொல்வது மரபு. அங்கே அது பாராட்டு. நம் வீடுகளிலோ செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோம். பெரியவர்களுக்கு எழுதும் மடலுக்குள் அது நுழையலாமா? நமக்கு ‘இடம்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. ‘உங்கள் இடத்தை நிரப்புவது எளிதல்ல’ என்றால் மரியாதை கெடாது. தொப்பியின் இறகு யாரையும் புண்படுத்தாது. ஆனால் தொப்பியே அணியாத ஓர் அம்மையாருக்கு இறகு எதற்கு? ‘மகுடத்தில் ஒரு மணி’ என்று மாற்றலாமே என்று தோன்றும். மாற்றலாம். ஆயினும் மற்ற வரிகள் எல்லாம் வீட்டுப் பேச்சாக இருக்கும் மடலில் மகுடம் சற்று மேடைப் பேச்சாக ஒலிக்கும். உவமை போனால் போகட்டும் என்று எடுத்துவிடுவதே இங்கே மேல்.

“உங்களைத் தவறவிடுவோம்” என்பதைப் படித்தால் சங்கரன்கோவில் பேருந்தைத் தவறவிட்டவர்களின் ஞாபகம்தான் வருகிறது. ஒருவர் இல்லாத குறையைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் இருக்கிறது. அதே அளவில் தமிழில் ஒற்றைச் சொல் இல்லை. நாம் அதைச் சூழலின் மேல் ஏற்றிச் சொல்கிறோம். வீடு வெறிச்சென்று இருக்கிறது, கை ஒடிந்தது போல இருக்கிறது என்போம். ‘நீங்கள் இல்லாமல் அலுவலகமே வெறிச்சென்று ஆகிவிடும்’ என்பது போதும்.

முதல் வரியில் இரண்டு சிக்கல்கள் பின்னியிருக்கின்றன. ‘பதவி உயர்வு பெற்றதன் மீது’ என்பதில் உள்ள ‘மீது’ ஆங்கில முன்னிடைச் சொல்லின் நிழல். தமிழில் வாழ்த்து ஒன்றின் மீது ஏறி உட்காராது. ‘பதவி உயர்வுக்கு வாழ்த்துகள்’ என்பதே நம் வழக்கு. மற்றொன்று நுட்பமானது. ‘வாழ்த்துகிறேன்’ என்ற வினை நம்மிடையே மேலிருந்து கீழே வருவது. பெரியவர்கள் பிள்ளைகளை வாழ்த்துவார்கள். இருபத்தைந்து வயதுப் பெண் ஐம்பது வயது அக்காவை ‘வாழ்த்துகிறேன்’ என்றால் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். ‘பாராட்டுகிறேன்’ என்று மாற்றினாலும் தேர்வுத்தாளில் மதிப்பெண் போடுவது போல ஆகிவிடுகிறது. இதற்காகத்தான் ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்ற தொடரைக் கண்டுபிடித்தார்கள் போலும். சுவரொட்டிகளில் பார்த்துப் பார்த்து அது தேய்ந்தே போய்விட்டது. எளிய வழி ஒன்று உண்டு. வினையை விட்டு, ‘மனமார்ந்த வாழ்த்துகள்’ என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் மேல் கீழ் என்ற தோற்றம் மறைந்துவிடும். அதற்கு முன்னால் தன் மகிழ்ச்சியைச் சொல்லிவிட்டால் இன்னும் இயல்பு.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? இந்தக் கேள்வி வராத ஆசிரியர் அறை இல்லை. எழுத்து, வாழ்த்து போன்ற சொற்களின் முன் ‘கள்’ விகுதி சேரும்போது க் மிகாது என்று கொண்டு ‘வாழ்த்துகள்’ என எழுதுவோர் பலர். மிகுந்து வரும் வடிவமும் அச்சில் நெடுங்காலமாக இருக்கிறது. ஒரு மடலில் ஒரே வடிவம் இருந்தால் போதும். இந்த ஒற்றைத் திருத்திவிட்டு ‘வேண்டியதுதான்’ என்ற வரியை அப்படியே அனுப்பிவிடுகிற திருத்தக்காரர்களும் உண்டு என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதுவரை மாற்றியவற்றைப் பார்த்தோம். மாற்றக் கூடாதவையும் இம்மடலில் இருக்கின்றன. ‘முழித்தேன்’ என்பதை ‘விழித்தேன்’ ஆக்கவும், ‘கண்ணுக்குள்ளேயே நிற்கிறது’ என்பதை ‘என்றும் மறக்க இயலாதது’ ஆக்கவும் சிவப்புப் பேனா துடிக்கும். வேண்டாம். அவை வழுவல்ல, பேச்சு வழக்கு. வந்த தபால்களை வரிசையாகப் பதியும் தன்பதிவேட்டை எப்படி எழுதுவது என்று அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது இவள் ஒருத்திதான் எழுதக்கூடிய செய்தி. கடையில் விற்கும் வாழ்த்து அட்டையில் அது கிடைக்காது. மடலின் அன்பு முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதைச் செந்தமிழாக்கினால் அட்டைதான் மிஞ்சும்.

சாரல் வரியில் ‘பொறாமை’ என்ற சொல் இருக்கிறது. பதவி உயர்ந்தவரிடம் பொறாமை என்று சொல்லலாமா, கண் பட்டுவிடாதா என்று தோழி தயங்குவாள். வாக்கியத்தைப் பாருங்கள்: பொறாமை பதவியின் மேல் இல்லை, சாரலின் மேல் இருக்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் தென்காசியும் குற்றாலமும் நனைந்துகொண்டிருக்க, நம் கரிசல் காட்டில் வெயில் காய்வதை இங்குள்ள எல்லாரும் அறிவர். இது விளையாட்டு என்பது படிப்பவருக்கு உடனே புரியும். இருக்கட்டும்.

கடைசியாக விளியும் முடிவும். மேடம் என்று தொடங்கி அக்கா என்று முடிகிறது. தாங்கள் பாதி, நீங்கள் பாதி. நேற்று வரை அக்கா என்று அழைத்தவர் பதவி உயர்ந்த மறுநாள் மேடம் ஆகிவிட்டால், நெருக்கம் போய்விட்டதோ என்று அவருக்கே தோன்றக்கூடும். தனி மடலானால் முழுவதும் அக்கா, நீங்கள். அலுவலகத்தில் அனைவருக்கும் நகல் போகும் மடலானால் முழுவதும் மேடம். அப்போது பொறாமை வரியும் இடம் நிரப்பும் வரியும் வேண்டாம், ஏனெனில் அந்த இடத்துக்கு வரப்போகிறவரும் அதைப் படிப்பார். ‘தங்கள் உண்மையுள்ள’ என்பது விண்ணப்பத்தின் வாசகம். ‘தொடர்பாக’ என்று முடியும் பொருள் வரியோ கோப்புக்கு உரியது. தனி மடலுக்கு இரண்டும் ஆகா.

திருத்திய மடல் இவ்வாறு அமையும்:

“பொருள்: அக்காவுக்கு வாழ்த்துகள்

அன்புள்ள அக்கா,

நீங்கள் கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு பெற்ற செய்தி கேட்டதும் மனம் நிறைந்துவிட்டது. மனமார்ந்த வாழ்த்துகள். இத்தனை வருட உழைப்புக்கு ஏற்ற பலன் கிடைத்திருக்கிறது. நான் புதிதாக வந்தபோது தன்பதிவேடு எழுதக்கூடத் தெரியாமல் முழித்தேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. உங்கள் இடத்தை நிரப்புவது எளிதல்ல. நீங்கள் இல்லாமல் அலுவலகமே வெறிச்சென்று ஆகிவிடும். நாங்கள் இங்கே கரிசலில் வெயில் காய, நீங்கள் தென்காசியில் சாரலில் நனையப் போகிறீர்கள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது அக்கா.

என்றும் அன்புடன்,”

இதையும் அனுப்புமுன், எழுதிய பெண்ணே ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். திருத்தியவளின் சொல் ஏதேனும் தன் வாயில் ஒட்டவில்லை என்றால், ‘மனம் நிறைந்துவிட்டது’ என்பதற்குப் பதில் ‘ஒரே சந்தோஷம்’ என்றுதான் வரும் என்றால், அதையே போட்டுக்கொள்ளட்டும்.