நின்றாலும் நாற்பத்தைந்து, சுற்றினால் ஏழரை

மோட்டார் கொட்டகையில் பச்சைப் பட்டனை அமுக்கியதும் மேலே தொங்கும் பல்பு ஒரு கணம் மங்கி மீளும். உள்ளே இருப்பது ஐந்து குதிரைத்திறன் மூன்று பேஸ் மோட்டார். பலகையில் 415 வோல்ட், 7.5 ஆம்பியர், 1440 சுற்று என்றிருக்கும். ஒரு ஒயரைக் கிளாம்ப் மீட்டரில் கவ்வவிட்டு ஸ்டார்ட் செய்தால் முள் 45 ஆம்பியர் பக்கம் எகிறி, ஓரிரு நொடியில் ஏழரைக்கு இறங்கிவிடும்.

நின்ற வண்டியை நகர்த்தத்தான் அதிக பலம் வேண்டும், அதனால்தான் என்பார்கள். கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் பம்பைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரைப் போட்டாலும் முதலில் அதே 45தான் இழுக்கும். அது எத்தனை நேரம் நீடிக்கும் என்பதை மட்டுமே சுமை முடிவு செய்கிறது.

விஷயம் ரோட்டரில் இருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து ஒயரே கிடையாது. இரும்புக்குள் அலுமினியக் கம்பிகள், இரு முனையிலும் அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் வளையங்கள், அவ்வளவுதான். சுற்றியுள்ள ஸ்டேட்டர் காயில்கள் நிமிஷத்துக்கு 1500 சுற்று சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. ரோட்டர் நிற்கும்போது அந்தப் புலம் கம்பிகளை முழு வேகத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. ரோட்டர் 1440-ஐ எட்டிவிட்டால் வித்தியாசம் வெறும் 60 சுற்று. கம்பிகளில் பிறக்கும் வோல்டேஜும் இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆக, நிற்கிற மோட்டார் என்பது செகண்டரியை ஷார்ட் செய்த டிரான்ஸ்ஃபார்மர். ரோட்டரில் ஓடும் மின்னோட்டம் காந்தப்புலத்தை எதிர்க்கும். அதை ஈடுகட்ட ஸ்டேட்டர் லைனிலிருந்து கூடுதலாக இழுக்கும்.

அப்படியானால் 25 மடங்கல்லவா பாய வேண்டும்? ஆறு மடங்கோடு நிற்பதற்கும் காரணம் உண்டு. நிற்கும் ரோட்டரில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது, ஓடும்போது நான்கே முறை. வேகமாகத் திசை மாறும் மின்னோட்டத்துக்குக் கம்பியைச் சுற்றியுள்ள இரும்பும் காந்தமும் முட்டுக்கட்டை போடுகின்றன. அந்த முட்டுக்கட்டையால் மின்னோட்டம் நேரம் பிந்தியும் விடுகிறது. அதனால்தான் ஆறு மடங்கு ஆம்பியர் இழுத்தும் திருகுவிசை ஏறக்குறைய இரண்டு மடங்குதான் கிடைக்கிறது.

ஓரிரு நொடிக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. நீடித்தால்தான் வினை. ஆறு மடங்கு மின்னோட்டத்தில் காயிலில் சூடு 36 மடங்கு, காற்றடிக்கும் விசிறியோ ரோட்டரோடு சேர்ந்து நின்றுகொண்டிருக்கும். வோல்டேஜ் 300-க்கு இறங்கினால் திருகுவிசை பாதியாகிவிடும். மோட்டார் ‘ம்ம்’ என்று உறுமுமே தவிரச் சுற்றாது. அப்போது ரிலே விழ வேண்டும். அடிக்கடி விழுகிறதே என்று அதன் செட்டிங்கை ஏற்றி வைத்திருந்தால் விழாது.

ரீவைண்டிங் கடையில் பிரித்துப் பார்த்தால் நடந்தது தெரிந்துவிடும். ஒரு பேஸ் போய்விட்ட மோட்டாரில் சில காயில்கள் கருகியிருக்க, மற்றவை புதுசு போல இருக்கும். சுற்ற முடியாமல் நின்ற மோட்டாரிலோ மூன்று பேஸும் ஒரே மாதிரி கரியாகியிருக்கும்.