வாலட் பணம் ஏன் நகர மறுக்கிறது?

யுபிஐ செயலியுடன் சேமிப்புக் கணக்கை இணைத்தால், செலுத்தும் நொடிவரை பணம் கணக்கிலேயே இருந்து வட்டி ஈட்டும். வாலட்டில் நாம் இடும் தொகையோ முன்னதாகவே அதை வழங்கும் நிறுவனத்திடம் சென்றுவிடுகிறது. அதற்கு வட்டி இல்லை.

ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கைப்பேசி எண்ணையும் சுய விவரத்தையும் மட்டுமே கொண்டு தொடங்கிய வாலட்டில் ரூ.10,000 வரையே இருப்பு வைக்கலாம். அதில் ரூ.8,000 வைத்திருப்பவர் பொருள் வாங்கலாம், மகனுக்கு ரூ.3,000 அனுப்ப இயலாது. அனுப்புபவர் யாரென ஆவணங்களால் உறுதியாகாத நிலையில், பணம் கைமாறும் தடத்தைப் பின்தொடர்வது கடினம் என்பதே காரணம்.

முழுமையான கேஒய்சி முடித்தால் இருப்பு வரம்பு ரூ.2,00,000 வரை உயரும்; பணம் அனுப்பவும் வழி உண்டு. கேஒய்சி வேண்டாதவர் வாலட்டை மூடி, எஞ்சிய தொகையை அது வந்த கணக்கிற்கே திரும்பப் பெறலாம்.