பிட் நோட்டீஸ் போட்டியில் ஏமாறாதிருக்க ஒரு கணக்கு

பழைய பிட் நோட்டீஸ், புதிய பிட் நோட்டீஸ் இரண்டில் எது கடைக்கு ஆளைக் கூட்டி வருகிறது என்று அறிய, இரண்டிலும் தனித்தனிக் கூப்பன் வைத்து விநியோகிக்கிறோம். தினமும் மாலையில் எண்ணுகிறோம். புதியது நன்றாக முந்திய அன்றே ஜெயித்ததாக முடிவு கட்டிவிடுகிறோம். தவறு இங்கேதான். இரண்டும் ஒரே தரமாயிருந்தாலும் தற்செயலாக ஒன்று முந்தும். நூற்றுக்கு 5 முறை மட்டுமே ஏமாறும்படி அமைத்த சோதனையை நடுநடுவே 10 முறை பார்த்து முடிவெடுத்தால், ஏமாற்றம் நூற்றுக்கு 19 ஆகிறது.

தினமும் எண்ணலாம், ஆனால் எல்லையை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். மொத்தக் கூப்பன் 400 என்று வைப்போம். அதன் வர்க்கமூலம் 20. இரு மடங்கு 40. புதியது 40 கூப்பன் முந்திய அன்றே நிறுத்தி, அதையே அச்சடிக்கலாம். முந்தாமலே மொத்தம் 400 ஆகிவிட்டால் பழையதே போதும். இம்முறையில் எத்தனை நாள் எண்ணினாலும் பொய் வெற்றி நூற்றுக்கு 5-ஐத் தாண்டாது.

நான்காம் நாள் புதியது 34, பழையது 18 என்று வந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு போலத் தெரியும். வித்தியாசம் 16தான், பொறுக்க வேண்டும். பின்னர் 130-க்கு 90 என்றானால் 220 கூப்பனிலேயே வேலை முடிந்தது.

இரு நோட்டீஸையும் சம எண்ணிக்கையில், ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்தே விநியோகிக்க வேண்டும். தெருவுக்கு ஒன்றாகக் கொடுத்தால் தெருவின் வசதியைத்தான் அளப்போம். ஒரு வீட்டுக்கு ஒரு கூப்பனே கணக்கு. நடுவில் எல்லையை மாற்றக் கூடாது. பத்தில் ஒரு பங்கு போன்ற சிறு வித்தியாசம் 400-ல் பெரும்பாலும் பிடிபடாது. அதற்கு எல்லையை ஆரம்பத்திலேயே பெரிதாக வைக்க வேண்டும்.